குரல் சொன்னதையே திரையும் சொல்ல வேண்டுமா?

கொழும்பின் கடலோரத் திடல் ஒன்றைப் பற்றிய காணொளியில் பின்னணிக் குரல், "காலி முகத்திடல் நடைபாதை ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்பதாம் ஆண்டு நிறைவு பெற்றது" என்று சொல்கிறது. அதே நேரத்தில் திரையின் கீழே "காலி முகத்திடல் நடைபாதை 1859ஆம் ஆண்டு நிறைவு பெற்றது" என்று எழுத்து வருகிறது. முதன்முதலாகக் காணொளி செய்பவர்கள் பலரும் இப்படித்தான் எழுத்துப் போடுகிறார்கள். ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னால் பார்ப்பவர் மனதில் நன்றாகப் பதியும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறானது.

எழுத்து கண்ணில் பட்டால் வாசிக்காமல் இருக்க நம்மால் முடியாது. தாய்மொழியில் இருந்தால் கேட்கவே வேண்டாம், கண் தானாகவே ஓடிவிடும். வாசிக்கும்போது நம் மனதுக்குள் ஒரு குரல் அந்தச் சொற்களை உச்சரிக்கிறது. வெளியே இன்னொரு குரல் அதே சொற்களை வேறு வேகத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறது. விரைவாக வாசிப்பவர், குரல் பாதி வழிக்கு வருவதற்கு முன்பே வரியை முடித்துவிட்டுக் காத்திருப்பார். மெதுவாக வாசிப்பவரோ குரல் அடுத்த வாக்கியத்துக்குப் போன பின்னும் பழைய வரியிலேயே நிற்பார். இரண்டு பேருமே இந்த நேரத்தில் படத்தைப் பார்க்கவில்லை. கடலும் பட்டமும் மனிதர்களும் திரையில் இருக்க, கண் கீழே இருக்கும் பட்டையில் கிடக்கிறது.

கல்வி உளவியலில் இது பல முறை சோதிக்கப்பட்ட விடயம். ரிச்சர்ட் மேயரும் அவருடன் சேர்ந்து ஆய்வு செய்தவர்களும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், மின்னல் எப்படி உருவாகிறது என்று விளக்கும் ஓர் அசைபடத்தை மாணவர்களுக்குக் காட்டினார்கள். ஒரு பகுதியினருக்குப் படமும் குரலும் மட்டும். இன்னொரு பகுதியினருக்குப் படம், குரல் இரண்டோடும் அந்தக் குரலின் வரிகள் எழுத்திலும். எழுத்தைக் கூடுதலாகப் பெற்றவர்கள்தான் பின்னர் நடந்த சோதனையில் பின்தங்கினார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2008இல் மேயர் இன்னொருவருடன் சேர்ந்து செய்த ஆய்வில், முழு வாக்கியத்துக்குப் பதிலாக இரண்டு மூன்று சொற்களை மட்டும், அவை குறிக்கும் பகுதிக்குப் பக்கத்திலேயே வைத்துப் பார்த்தார்கள். அப்போது பார்த்தவர்கள் நினைவில் வைத்திருந்தது கூடியது. ஆக, திரையில் எழுத்து வருவது பிழையல்ல. குரலின் வாக்கியத்தை அப்படியே தூக்கி அங்கே வைப்பதுதான் பிழை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். வசன எழுத்து, அதாவது சப்டைட்டில், குரலில் உள்ளதை உள்ளபடி எழுதத்தான் வேண்டும். காது கேளாதவருக்கும், பஸ்ஸில் ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவருக்கும் அதுதான் குரல். அதைத் தனிக் கோப்பாகக் கொடுத்தால், தேவையானவர் போட்டுக்கொள்வார், தேவையில்லாதவர் நிறுத்திவிடுவார். நான் இங்கே பேசுவது படத்தோடு ஒட்டிப்போன, யாராலும் நிறுத்த முடியாத எழுத்தைப் பற்றி: இடப்பெயர், ஆண்டு, கணக்கு, பேசுபவரின் பெயரும் அறிமுகமும் வரும் லோவர் தேர்ட். திரையை மேலிருந்து கீழாக மூன்றாகப் பிரித்தால் கடைசிப் பங்கில் வருவதால் அதற்கு அந்தப் பெயர்.

அப்படியானால் குரலுக்கு என்ன கொடுப்பது, எழுத்துக்கு என்ன கொடுப்பது? காது எதைத் தாங்கும், எதைத் தவறவிடும் என்று பார்த்தாலே பிரிவு தெரிந்துவிடும். ஏன் நடந்தது, பிறகு என்ன ஆனது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் என்ன தொடர்பு என்பவற்றைக் காது அருமையாக வாங்கிக்கொள்ளும். ஆண்டு, இலக்கம், முன்பின் கேட்டிராத பெயர், பதவி, ஊர் ஆகியவற்றை அது சட்டென்று தவறவிடும். தமிழில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். "ஆயிரத்து எண்ணூற்று ஐம்பத்தொன்பதாம் ஆண்டு" என்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள், இரண்டு மூன்று வினாடி போய்விடும். திரையில் "1859" என்று நான்கு இலக்கங்கள், ஒரே பார்வையில் உள்ளே போகும். அந்த இரண்டு மூன்று வினாடிகளும் குரலுக்கு மிச்சம்.

வாக்கிய அமைப்பும் இன்னொரு காரணம். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். "தொடங்கப்பட்டது" என்பதா "கைவிடப்பட்டது" என்பதா என்று தெரிய வரியின் முடிவு வரை போக வேண்டும். குரலில் இது ஒரு அழகு, கேட்பவர் எதிர்பார்ப்போடு காத்திருப்பார். எழுத்தில் அதுவே சுமை. அதனால் திரை எழுத்தைப் பெயர்ச்சொற்களால் முடியுங்கள். "நிறைவு: 1859" போதும். "நிறைவு பெற்றது" என்று முடிக்கும் வேலையைக் குரல் பார்த்துக்கொள்ளும்.

இனி ஒரு பகுதியை எடுத்து முழுவதுமாகச் செய்து பார்ப்போம். காலி முகத்திடலைப் பற்றி ஒன்றரை நிமிடக் காணொளி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரைவில் குரல் இப்படி இருக்கிறது:

"கொழும்புக் கோட்டைக்குத் தெற்கே அமைந்துள்ள காலி முகத்திடலின் நடைபாதை, 1855 முதல் 1860 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த சேர் ஹென்றி வார்ட் அவர்களால் 1856ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு 1859ஆம் ஆண்டு நிறைவு செய்யப்பட்டது. திடலின் தெற்கு முனையில் 1864ஆம் ஆண்டு கோல் பேஸ் ஹோட்டல் ஆரம்பிக்கப்பட்டது."

ஐந்து ஆண்டுகள், ஒரு பெயர், ஒரு பதவி, மூன்று இடங்கள். எழுதிய தாளில் இது குற்றமில்லாத வாக்கியம். காதால் கேட்கும்போது ஐந்து ஆண்டுகளில் ஒன்றுகூட நிற்காது. இதைத் திரையிலும் எழுதினால் இரண்டு வரி நிறையும், படம் மறையும். எழுத்தைச் சுருக்கினால் சரியாகிவிடும் என்று பலர் இந்த இடத்தில் எழுத்தை மட்டும் வெட்டத் தொடங்குவார்கள். முதலில் வெட்ட வேண்டியது குரலை. எழுத்தால் சொல்லக்கூடியதை எல்லாம் குரலிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தால் இப்படி வரும்:

"கடலுக்கும் ஊருக்கும் நடுவே இந்த நடைபாதையை அமைக்கத் தொடங்கியவர் அன்றைய ஆளுநர் ஹென்றி வார்ட். வேலை முடிய மூன்று ஆண்டுகள் ஆயின. அது முடிந்து ஐந்து ஆண்டுகளில், திடலின் தெற்கு முனையில் ஒரு ஹோட்டல் எழுந்தது. இன்றும் அது அங்கேதான் இருக்கிறது."

இப்போது கேட்பவருக்கு ஒரு வரிசை கிடைக்கிறது: ஒருவர் தொடங்கினார், மூன்று ஆண்டு எடுத்தது, பிறகு ஐந்து ஆண்டில் ஹோட்டல். ஆண்டுகளைத் திரை தாங்கிக்கொள்ளும். ஹென்றி வார்ட் என்ற பெயர் ஒலிக்கும்போது, அவருடைய உருவப்படத்துக்குக் கீழே:

சேர் ஹென்றி வார்ட்
இலங்கை ஆளுநர், 1855–1860

"மூன்று ஆண்டுகள்" என்ற சொல் வரும்போது, நடைபாதையின் அகலக் காட்சியில்:

நடைபாதை 1856–1859

ஹோட்டல் தெரியும்போது:

கோல் பேஸ் ஹோட்டல், 1864

குரலில் ஓர் ஆண்டும் இல்லை, திரையில் ஒரு வாக்கியமும் இல்லை. ஆனாலும் ஒன்று மற்றொன்றைத் தாங்குகிறது. "மூன்று ஆண்டுகள்" என்று காதில் விழும்போது 1856–1859 என்பதைக் கண் பார்க்கிறது, கணக்குச் சரியாக இருக்கிறது என்று மனம் அமைதியாகிறது. வார்டின் பெயர் மட்டும் இரண்டிலும் வருகிறது, அது வேண்டுமென்றே. புதிய பெயர் ஒன்றைக் கேட்கும்போது அதன் எழுத்து வடிவத்தைப் பார்ப்பது உதவும். முன்பு சொன்ன 2008ஆம் ஆண்டு ஆய்வின் இரண்டு மூன்று சொற்கள் இந்த வகைதான். திரும்பச் சொல்லக் கூடாது என்ற விதி வாக்கியத்துக்குத்தான், பெயருக்கு அல்ல.

இதே பகுதியில் இன்னொரு காட்சி இருக்கிறது, அதுதான் எனக்கு மிகப் பிடித்த இடம். திடலில் அந்த நடைபாதைக்கான கல்வெட்டு இருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ள அது, வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடிந்த நடைபாதையை, கொழும்பின் பெண்களும் குழந்தைகளும் நலம்பெறத் தமக்குப் பின்வரும் ஆளுநர்களிடம் ஒப்படைத்துப் பரிந்துரைப்பதாகச் சொல்கிறது. கல்வெட்டை அருகிலிருந்து காட்டும்போது திரையில் ஏற்கெனவே எழுத்து இருக்கிறது, கல்லிலேயே. அதற்குக் கீழே நாம் தமிழில் ஒரு வரி போட்டு, குரலும் பேசினால் எழுத்தும் பேச்சுமாக மூன்று குவிந்துவிடும். இங்கே கல்லைக் காட்டிவிட்டுத் திரையில் எதுவும் எழுதாமல் விடுவேன். குரல் மட்டும் கல்லில் உள்ளதைத் தமிழில் நிதானமாக வாசிக்கும். ஒரு ஆவணத்தின் சொற்களே சான்றாக இருக்கும்போது அவற்றைச் சொல்லுக்குச் சொல் வாசிப்பது சரி, ஏனென்றால் அந்தச் சொற்கள் நம்முடையவை அல்ல.

அதே ஆவணத்தைத் தமிழில் திரையில் காட்டத்தான் வேண்டும் என்றால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, குரல் வாயை மூடிக்கொள்ளும். அலைச் சத்தம் மட்டும் இருக்கட்டும், பார்ப்பவர் தன் வேகத்தில் வாசிக்கட்டும். இன்னொன்று, திரையில் உள்ளதையும் குரலில் உள்ளதையும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் ஒன்றாக்கிவிடுவது. இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் மோசம். குரல் "பெண்களும் குழந்தைகளும் பயன்பெற" என்கிறது, திரையில் "மகளிர், சிறுவர் நலனுக்காக" என்று இருக்கிறது. பொருள் ஒன்றுதான். ஆனால் பார்ப்பவரின் மனம் இரண்டையும் ஒப்பிடத் தொடங்கிவிடுகிறது. இது அதேதானா, வேறா என்று தேடும் அந்த நேரத்தில் அடுத்த வாக்கியம் போய்விடும். திரும்பச் சொல்லாமல் இருக்கவேண்டும் என்பதற்காகச் சொற்களை மட்டும் மாற்றிப் போடுபவர்கள் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள்.

கணக்குகளில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும், குறிப்பாக நம் ஊரில். இலட்சம், கோடி என்று பேசுகிறோம், மில்லியன் என்றும் பேசுகிறோம். ஒரு திட்டத்தின் செலவைக் குரல் "ஒன்றரைக் கோடி ரூபா" என்று சொல்ல, அமைச்சின் அறிக்கையிலிருந்து எடுத்த வரைபடம் "15 மில்லியன்" என்று காட்டினால் இரண்டும் ஒரே தொகைதான். ஆனால் பார்ப்பவர் மனதுக்குள் மாற்றிப் பார்த்துச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அலகு எப்போதும் ஒன்றாக இருக்கட்டும். துல்லியத்தில் மட்டும் வேறுபாடு காட்டலாம். குரல் "ஏறத்தாழ ஒன்றரைக் கோடி" என்று சொல்ல, திரை சரியான தொகையை ரூபாயில் காட்டலாம். குரல் உருட்டிச் சொல்லும், எழுத்து நுணுக்கமாகச் சொல்லும். கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பவர், சமையலறையில் வேலை செய்தபடி காதைக் கொடுத்திருப்பவர், பார்வையற்றவர் யாரும் இதில் எதையும் இழக்க மாட்டார். கதைக்குத் தேவையானது எப்போதும் குரலில் இருக்கும், திரையில் இருப்பது அதன் சரியான அளவு மட்டும்.

இந்தக் காரணத்தால்தான் ஒரு முக்கியமான செய்தியை எழுத்தில் மட்டும் விட்டுவிடக் கூடாது என்று சொல்வேன். ஆளுநர் ஒருவர் இந்தப் பாதையை அமைத்தார் என்பது குரலில் இருக்க வேண்டும். அவர் 1855இல் வந்து 1860இல் போனார் என்பது திரையில் இருந்தால் போதும்.

பெயரும் ஊரும் காட்டும் எழுத்தைப் பற்றி இன்னொன்று. கொழும்பில் எந்தத் தெருவைப் படமெடுத்தாலும் காட்சியில் மும்மொழிப் பெயர்ப்பலகை ஒன்று வந்துவிடும். வெள்ளவத்தை ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரியும் காட்சியில் "வெள்ளவத்தை" என்று நாமும் எழுதத் தேவையில்லை, குரலும் "இது வெள்ளவத்தை" என்று சொல்லத் தேவையில்லை. அப்படிச் செய்தால் ஒன்றையே மூன்று முறை சொல்கிறோம், பார்ப்பவருக்கு ஒரு முறையே போதும். பலகை மங்கலாக இருந்தால், அல்லது காட்சி ஒரு வினாடிக்குள் கடந்துவிடுமானால் எழுத்துப் போடுங்கள். படம் ஏற்கெனவே என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும், எழுதிவிட்டுப் படத்தைப் பார்ப்பதில் பயனில்லை.

இனிப் பேசுபவருக்கான லோவர் தேர்ட். காலி முகத்திடலில் இஸ்ஸோ வடை விற்கும் ஒருவரைப் பேட்டி காண்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக என்ன செய்கிறார்கள்? குரல் அவருடைய பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்தும், பிறகு அவர் தோன்றியதும் எழுத்திலும் பெயர், அதன்கீழ் "இஸ்ஸோ வடை விற்பனையாளர்". அவர் கையில் கரண்டி, முன்னால் எண்ணெய்ச் சட்டி, அடுக்கி வைத்த வடைகள். அவர் என்ன விற்கிறார் என்பதைப் படமே சொல்லிவிட்டது. அதனால் பெயரை எழுத்துக்கு விடுங்கள், குரல் அவரை அறிமுகப்படுத்தும் வேலையை வேறு விதமாகச் செய்யட்டும்: "கடல் சீறும் நாட்களில் வியாபாரம் என்னவாகும் என்று இவரைக் கேட்டோம்." லோவர் தேர்ட்டின் இரண்டாவது வரியில், இந்தக் கேள்விக்கு இவர் ஏன் பதில் சொல்லத் தகுதியானவர் என்று காட்டும் ஒரு செய்தி இருக்கட்டும். எத்தனை ஆண்டாக இங்கே வியாபாரம் செய்கிறார், எந்த ஊரிலிருந்து வருகிறார் என்பது போல. கரைச்சல் என்னவென்றால், முதல் வரியில் பெயர், இரண்டாவது வரியில் பதவி என்று வார்ப்புரு கேட்கிறது என்பதற்காகவே பதவியை நிரப்பிவிடுகிறார்கள். அதே மனிதரை மீன்பிடி பற்றிய பகுதியிலும் காட்டினால் இரண்டாவது வரி வேறாக இருக்கலாம், பெயர் மட்டும் மாறாது. பெயரை அவர் எப்படி எழுதுகிறாரோ அப்படியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அவர் பேச ஆரம்பித்த உடனேயே எழுத்து வரக்கூடாது. ஒரு வினாடியாவது அவருடைய முகத்தைப் பார்த்து, குரலைக் கேட்ட பிறகு பெயர் வரட்டும். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு எளிய அளவு: நீங்கள் அந்த எழுத்தை மெதுவாக இரண்டு முறை வாசிக்கும் நேரம். இரண்டு வரிப் பெயர்க்குறிப்புக்கு அது பெரும்பாலும் நான்கு, ஐந்து வினாடி வரும். அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் நேரத்தைக் கூட்டாமல் எழுத்தைக் குறையுங்கள். வரலாற்றுக் குறிப்பு போன்ற எழுத்து, அதைக் குறிக்கும் சொல் குரலில் ஒலிக்கும் அதே கணத்தில் வரட்டும். முன்பே வந்தால், குரல் சொல்லவரும் விடையை எழுத்து சொல்லிவிடும். வெகுநேரம் கழித்து வந்தால், எந்தச் சொல்லுக்கு இது என்று பார்ப்பவர் தேட வேண்டியிருக்கும்.

வடைக்காரர் சிங்களத்தில் பேசினால் இன்னொரு சிக்கல் இருக்கிறது, கொழும்பில் படமெடுப்பவர் யாருக்கும் இதிலிருந்து தப்ப முடியாது. அவருடைய பேச்சுக்குத் தமிழ் வசன எழுத்து கீழே வரும். லோவர் தேர்ட்டும் கீழேதான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றன்மேல் ஒன்று விழும், அல்லது பார்ப்பவர் எதை வாசிப்பது என்று தெரியாமல் இரண்டையும் பாதியில் விடுவார். வசன எழுத்தைத் தவிர்க்க முடியாது, பேச்சுக்கு அதுதான் உயிர். அதனால் லோவர் தேர்ட்டை நகர்த்துங்கள். அவர் வாயைத் திறப்பதற்கு முன், வடை பொரிக்கும் காட்சியில், சட்டியின் சத்தத்தோடு பெயரைக் காட்டி முடித்துவிடலாம். அந்தக் காட்சி இல்லையென்றால், பெயர் இருக்கும் சில வினாடிகளுக்கு மட்டும் வசன எழுத்தைத் திரையின் மேற்பகுதிக்கு ஏற்றிவிடுங்கள். நான் முதல் வழியையே விரும்புகிறேன், எழுத்து இடம் மாறும்போது கண் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

எழுத்து திரையின் விளிம்போடு ஒட்டி நிற்கவும் கூடாது. ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியத்தின் பரிந்துரை, 16:9 படத்தில் ஒவ்வொரு விளிம்பிலும் 5 சதவீதத்தை எழுத்தில்லாமல் விடச் சொல்கிறது. 1920 × 1080 படத்தில் அது இடப்பக்கமும் வலப்பக்கமும் 96 புள்ளிகள், மேலும் கீழும் 54 புள்ளிகள்.

எழுதி முடித்ததும் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? படத்தை இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள். முதல் முறை ஒலியை அணைத்துவிட்டு எழுத்தை மட்டும். யார், எங்கே, எப்போது என்பது தெரிய வேண்டும், கதை தெரியக்கூடாது. எழுத்திலேயே முழுக்கதையும் தெரிந்துவிட்டால் குரலுக்கு வேலையில்லை, அங்கே வாக்கியங்கள் திரையில் ஏறியிருக்கின்றன. இரண்டாவது முறை படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேளுங்கள். கதை முழுவதும் புரிய வேண்டும், ஆனால் ஆண்டும் தொகையும் அடுக்கடுக்காக விழக்கூடாது. "அது எந்த ஆண்டு?" என்று கேட்பவருக்குக் கேட்கத் தோன்றினால் நல்லது, அந்தக் கேள்விக்குப் பதில் திரையில் இருக்கிறது. "யாரைப் பற்றிப் பேசுகிறார்கள்?" என்று தோன்றினால் ஏதோ ஒன்று குரலிலிருந்து கூடுதலாக வெட்டப்பட்டிருக்கிறது, அதைத் திரும்பச் சேருங்கள்.

இந்த இரண்டு சோதனைகளையும் எளிதாக்க, வசனத் தாளில் படம், ஒலி என்ற வழமையான இரண்டு பத்திகளோடு மூன்றாவதாக எழுத்துக்கென்று ஒரு பத்தி போடுங்கள். குரலை எழுதி முடித்த பிறகு மூன்றாவது பத்தியை நிரப்பாதீர்கள். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒன்றாகவே எழுதுங்கள். மூன்றாவது பத்தியில் வினைச்சொல்லோடு முடியும் வரி ஒன்று வந்துவிட்டால் அங்கேயே நின்று, பக்கத்திலுள்ள குரல் வரியை மீண்டும் வாசியுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒரே வாக்கியமாகத்தான் இருக்கும்.